வக்கீலோடு பேசிய 47 நிமிடம்: சுருக்கத்தில் நான் விட்ட ஒரு வரி

வக்கீலிடம் பேசி முடித்த கையோடு எல்லாமே தெளிவாகப் புரிந்துவிட்டது போல இருக்கும். மறுநாள் யாராவது "என்னதான் சொன்னார்?" என்று கேட்டால் இரண்டு வாக்கியத்துக்கு மேல் வாயில் வராது. எனக்கும் அப்படித்தான் ஆகும் என்று தெரிந்ததால் அவர் சம்மதத்தோடு அழைப்பைப் பதிவு செய்தேன். அன்றிரவே ஒருமுறை கேட்டு, பன்னிரண்டு வரியில் ஒரு சுருக்கமும் எழுதினேன். அந்தச் சுருக்கம்தான் என்னைக் கவிழ்த்தது. பதிவில் எல்லாம் இருந்தது, நான் எழுதியதில் ஒரு வரி இல்லை. அதற்குக் கொடுத்த விலை பின்னால் வருகிறது.

விவகாரம் இதுதான். வீட்டைப் புதுப்பிக்கும் வேலையை ஒரு காண்ட்ராக்டரிடம் கொடுத்திருந்தேன். முன்பணம், அடுத்து இரண்டு தவணை என்று வாங்கியவர் பாதி வேலையில் வருவதை நிறுத்திவிட்டார். தொகையைச் சொல்லவில்லை, அவருக்குக் கொடுத்த மொத்தப் பணத்தை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றையும் அதே கணக்கில் சொல்கிறேன். இங்கே வரும் காலக்கெடுவும் கட்டணமும் என் வக்கீல் என் விவகாரத்துக்குச் சொன்னவை, உங்களுக்கு அவை மாறும். பேச்சைச் சுருக்கும் முறை மட்டும் அவ்வளவாக மாறாது.

முதல் சுருக்கத்தில் மூன்று தலைப்பு போட்டிருந்தேன்: என்ன செய்யலாம், எவ்வளவு ஆகும், என்னென்ன எடுத்து வைக்க வேண்டும். அதற்குக் கீழே "நோட்டீஸ் அனுப்பலாம், கேஸ் போடலாம்", "10 பங்குக்குள் முடியும்", "ஒப்பந்தம், ரசீது, போட்டோ – எல்லா அறையும்" என்கிற மாதிரி வரிகள். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. ஒன்பதாவது நாள், ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்த மேஸ்திரி ஒருவர் இப்போது ஆள் இருக்கிறது என்றார். சுருக்கத்தை எடுத்துப் பார்த்தேன். போட்டோ எடுத்தாயிற்று, ரசீதும் ஒப்பந்தமும் கோப்பில் இருக்கின்றன. சரி என்றேன். அன்று மாலைக்குள் குளியலறையில் கோணலாக ஒட்டியிருந்த டைல்ஸ் முழுவதும் பெயர்ந்து மூட்டையில் போய்விட்டது.

இதை வக்கீலிடம் போனில் சொன்னபோது அவர் திட்டவில்லை. "தொட வேணாம்னு சொல்லியிருந்தேனே?" என்று மட்டும் கேட்டார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பதிவைத் திறந்து தேடினால் 22:10-இல் இருக்கிறது: "எல்லா ரூமையும் போட்டோ எடுத்து வைங்க, பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு எடுத்தா நல்லது, ஆனா இன்ஜினியர் வந்து அளந்து பாக்கற வரைக்கும் அந்த வேலையை யாரும் தொட வேணாம்." நான் முதல் பாதியை "ஆவணங்கள்" தலைப்பில் எழுதிவிட்டு, இரண்டாவது பாதியைப் போட இடம் இல்லாததால் அப்படியே கடந்துபோயிருக்கிறேன். அது தெரிவும் இல்லை, செலவும் இல்லை, ஆவணமும் இல்லை. மூன்று பெட்டி வைத்துக்கொண்டு கேட்டால் மூன்று பெட்டிக்குள் விழுவது மட்டுமே காதில் விழும். அதனால் முதலில் சொல்லிவிடுகிறேன்: வக்கீல் பேச்சைச் சுருக்க உட்காரும்போது "செய்யக் கூடாதது" என்று ஒரு தலைப்பையும் "எந்தத் தேதிக்குள்" என்று ஒரு தலைப்பையும் எல்லாவற்றுக்கும் மேலே எழுதி வைத்துவிட்டுத்தான் பதிவை ஓட விட வேண்டும். இந்த இரண்டும் ஒருபோதும் தனியாக வராது. வேறு எதையோ விளக்கும்போது பாதி வாக்கியமாக, "ஆனா", "அதுக்கு முன்னாடி", "அது வரைக்கும்" என்ற சொற்களுக்குப் பின்னால் வரும். என் பதிவில் இப்படி நான்கு தடைகள் இருந்தன: வேலையைத் தொடாதே, காண்ட்ராக்டரிடம் போனில் பேசி எதையும் ஒப்புக்கொள்ளாதே, அவரோடு நடந்த அரட்டையை அழிக்காதே, "மீதி வேலைக்கு" என்று இனி ஒரு காசும் கொடுக்காதே. முதல் சுருக்கத்தில் நான்கில் ஒன்றுகூட இல்லை. மற்ற மூன்றை நான் மீறாமல் இருந்தது வெறும் அதிர்ஷ்டம்.

பதிவு பற்றி இரண்டு விஷயம். அழைப்பைப் பதிவு செய்ய ஒருவர் சம்மதம் போதும் என்று சட்டம் இருக்கும் இடங்களும் உண்டு, பேசுகிற எல்லாரும் சம்மதிக்க வேண்டும் என்று இருக்கும் இடங்களும் உண்டு. எதுவானாலும் சொந்த வக்கீலிடம் ஒளித்துப் பதிவு செய்வதில் லாபம் எதுவும் இல்லை. "குறிப்பு எடுக்கச் சிரமமாக இருக்கிறது சார், பதிவு செய்துகொள்ளட்டுமா?" என்று கேட்டு, அவர் சரி என்பதும் பதிவில் விழும்படி பார்த்துக்கொண்டேன். இரண்டாவது, அந்தக் கோப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள். வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையில் நடக்கும் பேச்சுக்குப் பல நாடுகளின் சட்டத்தில் ரகசியப் பாதுகாப்பு உண்டு. மூன்றாம் ஆளிடம் அதை நாமே கொடுத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடக்கூடும். குடும்ப வாட்ஸாப் குழுவில் போடுவதும், எழுதித் தரச் சொல்லி வெளியாளிடம் கொடுப்பதும் இதில் சேரும். உதவிக்கு ஆள் தேவைப்பட்டால் முதலில் வக்கீலையே கேட்டுவிடுவது நல்லது. மூலக் கோப்பை அப்படியே விட்டுவிட்டு, ஒரு நகலை எடுத்து அதில்தான் வேலை செய்தேன். கேட்கும்போது கை தவறி வெட்டிவிடுவது சுலபம்.

டைல்ஸ் போன மறுநாள் பதிவை முதலிலிருந்து மறுபடி கேட்க உட்கார்ந்தேன். 47 நிமிடத்தையும் சொல்லுக்குச் சொல் எழுதத் தொடங்கி, பத்து நிமிடப் பேச்சுக்கே முக்கால் மணி நேரம் போனதும் விட்டுவிட்டேன். அது தேவையும் இல்லை. முதல் சுற்றில் நிறுத்தாமல் கேட்டு, பேச்சு எங்கே திரும்புகிறது என்று நேரத்தை மட்டும் குறித்தேன்: 03:40 ஒப்பந்தம் பற்றி, 11:15 நோட்டீஸ், 19:30 ஆவணம், 31:20 செலவு என்று ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. இரண்டாவது சுற்றில் ஐந்து வகை வாக்கியங்களை மட்டும் அவர் வாயில் வந்தபடியே எழுதினேன்: எண் வருகிற வாக்கியம், தேதி அல்லது நாள் கணக்கு வருகிற வாக்கியம், "இருந்தா", "வந்தா", "ஒத்துக்கிட்டா" என்று நிபந்தனை வருகிற வாக்கியம், "வேணாம்" என்று வருகிற வாக்கியம், "நான் பாத்துச் சொல்றேன்", "நீங்க அனுப்புங்க" என்று யாராவது ஒரு வேலையை ஏற்றுக்கொள்கிற வாக்கியம். மற்றதெல்லாம் விளக்கம். அதை என் சொல்லில் ஒரு வரியாகச் சுருக்கினால் போதும். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நேரத்தையும் ஓர் எழுத்தையும் போட்டேன்: அவர் சொன்னதற்கு "வ", நான் சொல்லி அவர் மறுக்காததற்கு "நா", சரியாகக் கேட்கவில்லை அல்லது என் ஊகம் என்றால் கேள்விக்குறி. மொத்தம் இரண்டரை மணி நேரம் பிடித்தது.

அந்த "நா" குறி அற்பமாகத் தெரியலாம். முதல் சுருக்கத்தில் "ஒப்பந்தத்தில் கையெழுத்து இல்லாவிட்டாலும் செல்லும்" என்று எழுதியிருந்தேன். பதிவைக் கேட்டால் அதைச் சொன்னது நான். "அரட்டையில் எல்லாம் ஒத்துக்கொண்டிருக்கிறார், அதனால் கையெழுத்து இல்லாவிட்டாலும் செல்லும்தானே?" என்று நான் கேட்க, அவர் "ம்… அரட்டையை அனுப்புங்க, பாக்கறேன்" என்கிறார். அந்த "ம்"-ஐ நான் சம்மதமாக எடுத்து, வக்கீலின் கருத்தாகவே எழுதிவைத்திருக்கிறேன். நாம் ஆசைப்பட்ட பதில் வக்கீல் குரலில் ஞாபகத்தில் பதிந்துவிடும். நேரக்குறிக்குப் போய் யார் வாயில் வந்தது என்று பார்த்தால்தான் தெரியும்.

எண்களைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. நம்மில் பலரும் எண்களை ஆங்கிலத்தில்தான் சொல்கிறோம். நோட்டீஸில் அவர் கொடுக்கச் சொன்ன அவகாசத்தை நான் "ஃபிஃப்டி டேஸ்" என்று எழுதியிருந்தேன். மூன்று முறை ஓட்டிக் கேட்டும் ஃபிஃப்டீனா ஃபிஃப்டியா என்று தீர்மானிக்க முடியவில்லை. கேள்விக்குறி போட்டு அவரிடமே கேட்டேன். 15 நாள், அதுவும் நோட்டீஸ் காண்ட்ராக்டர் கைக்குப் போன நாளிலிருந்து, நாம் அனுப்பிய நாளிலிருந்து இல்லை. பேசும்போதே "பதினைந்தா, ஐம்பதா சார்?" என்று தமிழில் திருப்பிக் கேட்டிருந்தால் இந்த வேலையே இல்லை. நாள் கணக்கு எது வந்தாலும் எத்தனை நாள், எந்த நாளிலிருந்து, அது தவறினால் என்ன ஆகும் என்ற மூன்றும் சுருக்கத்தில் சேர்ந்தே இருக்க வேண்டும். வழக்குத் தொடரக் கடைசித் தேதியைப் பற்றி அவர் சொன்னதும் இதே வகை. "நோட்டீஸ் அனுப்பிட்டோம்கிறதால அந்தக் கெடு நின்னுடாது" என்று 13:50-இல் போகிற போக்கில் சொல்கிறார். நோட்டீஸ் அனுப்பிவிட்டால் அவசரம் இல்லை என்றுதான் நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனித் தெரிவுகள். "நோட்டீஸ் அனுப்பலாம், கேஸ் போடலாம்" என்று நான் எழுதியது தெரிவே இல்லை, வெறும் பெயர்ப் பட்டியல். இரண்டாம் முறை ஒவ்வொன்றுக்கும் அதன் நிபந்தனையையும் சேர்த்து எழுதினேன். அப்போதுதான் அவர் சொன்னது நான்கு வழி என்று தெரிந்தது. நோட்டீஸ் அனுப்பி, காண்ட்ராக்டர் பேச வந்தால் சமரசம், கைக்கு 50 பங்கு வரை வரலாம், இரண்டு மூன்று மாதம். சிறு தொகைத் தகராறுகளுக்கான மன்றம், கேட்கும் தொகை அதன் உச்சவரம்புக்குள் இருந்தால் மட்டும், ஏறக்குறைய ஒரு வருடம். வழக்கமான உரிமையியல் வழக்கு, மூன்று வருடம் என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். நான்காவது போலீஸ் புகார். இதை நான்தான் கேட்டேன். அவர் வேண்டாம் என்றார்: ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணத்தோடுதான் பணம் வாங்கினார் என்று காட்ட முடிந்தால்தான் அது நிற்கும், பாதி வேலை செய்துவிட்டுப் போனவர் விஷயத்தில் அது கடினம். வேண்டாம் என்று தள்ளிய வழியையும் காரணத்தோடு எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் பத்து நாள் கழித்து யாராவது "போலீஸுக்குப் போயிருக்கலாமே" என்று சொல்லும்போது மறுபடி போன் செய்து, அதே கேள்விக்கு இன்னொரு முறை கட்டணம் கொடுப்போம். நான் கொடுத்தேன்.

இரண்டாவது வழியில் இருக்கும் அந்த "உச்சவரம்புக்குள் இருந்தால்" என்பதை விட்டுவிட்டு எழுதினால் அந்த வழி திறந்தே இருப்பது போலத் தெரியும். நான் 100 பங்கையும் கேட்க நினைத்திருந்தேன். அப்படிக் கேட்டால் மன்றத்தின் வரம்பைத் தாண்டிவிடும். 27:05-இல் அவர் சொன்னது வேறு: நடந்த வேலைக்கும் ஒரு மதிப்பு உண்டு, அதைக் கழித்துத்தான் கேட்க முடியும். அதுவரை பார்த்த அளவில் நடந்த வேலை 35 பங்கு இருக்கலாம் என்பது அவர் யூகம். அப்படியானால் கேட்கும் தொகை 65. எங்கள் விஷயத்தில் 65 வரம்புக்குள் வந்தது. ஆக, நிபந்தனை ஓரிடத்தில், அதைத் தீர்க்கும் எண் இன்னோரிடத்தில், இரண்டுக்கும் இடையில் பத்து நிமிடப் பேச்சு. வக்கீல்கள் பாடப்புத்தக வரிசையில் பேச மாட்டார்கள், நம் கேள்விகள் போகிற வழியில்தான் பேசுவார்கள். அவற்றைச் சேர்த்து வைப்பதுதான் சுருக்குபவரின் வேலை.

செலவில் இந்தச் சிதறல் இன்னும் மோசம். என் முதல் சுருக்கத்தில் இருந்தது ஒரே எண்: 10. 31:20-இல் "மொத்தமா பத்துக்குள்ள முடிஞ்சிடும்" என்கிறார், உண்மைதான். ஆனால் அந்த "மொத்தம்" அவருடைய கட்டணத்தின் மொத்தம், அதுவும் உரிமையியல் வழக்குக்கு. நீதிமன்றக் கட்டணம் கேட்கும் தொகையைப் பொறுத்தது, சுமார் 5 என்று அதற்கு முன்பே சொல்லியிருந்தார். 38:05-இல் "இன்ஜினியர் ரிப்போர்ட் தனி" என்கிறார், 3. நகல், தபால், போக்குவரத்துக்கு 1. கூட்டினால் 19. நான் 10 என்று எழுதிவைத்து, அதை மனதில் 100-உடன் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். உண்மையான ஒப்பீடு 19-க்கும் 65-க்கும் இடையில்.

அதன் பிறகு ஒவ்வொரு செலவு எண்ணுக்கும் நான்கு கேள்வி கேட்டுத்தான் எழுதினேன்: எந்த வழிக்கு, எந்தக் கட்டத்தில் கொடுக்க வேண்டும், யார் கைக்குப் போகிறது, ஒரே முறையா ஒவ்வொரு வாய்தாவுக்குமா. பதிவில் பதில் இல்லாத இடத்தில் கேள்விக்குறி. இப்படிப் போட்டபோது படம் மாறியது. சமரச வழியில் நோட்டீஸுக்கு 1, உடன்பாட்டுப் பத்திரம் எழுத 2, ஆக 50 வந்தால் கையில் நிற்பது 47, மூன்று மாதத்துக்குள். மன்ற வழியில் வக்கீலுக்கு 4, தாக்கல் கட்டணம் 1, இன்ஜினியருக்கு 3, மொத்தம் 8, ஜெயித்து முழுத் தொகையும் வந்தால் 57, ஒரு வருடத்தில். உரிமையியல் வழக்கில் ஜெயித்து 65-உம் வந்தால் 46, மூன்று வருடத்தில். ஆக மூன்று வருடம் அலைந்து கிடைப்பது மூன்று மாதத்தில் கிடைப்பதைவிட ஒரு பங்கு குறைவு! செலவை எதிராளியிடம் வாங்கலாமா என்று நான் கேட்டதற்கு, நீதிமன்றம் செலவுத்தொகை போடலாம், ஆனால் நாம் செலவழித்ததெல்லாம் அதில் திரும்பி வராது என்றார். தீர்ப்பு வந்தும் அவர் கொடுக்காவிட்டால் அதை வசூலிக்கத் தனி நடவடிக்கை, தனிச் செலவு, அது மேலே சொன்ன எந்தக் கணக்கிலும் இல்லை. இதுவும் 41-ஆம் நிமிடத்தில் ஒற்றை வாக்கியமாக வந்துபோனதுதான்.

இந்தக் கணக்கு முழுவதும் அவர் சொன்ன எண்களால் ஆனது. ஆனால் கழித்துப் பார்த்தது நான். அதனால் 47, 57, 46 மூன்றுக்கும் பக்கத்தில் "என் கணக்கு" என்று எழுதினேன். வக்கீல் சொன்னதையும் நாம் கூட்டிக் கழித்ததையும் ஒரே வரியில் கலந்துவிட்டால், பிறகு எண் தவறும்போது எங்கே தவறியது என்று கண்டுபிடிக்க முடியாது.

ஆவணங்களில் என் தவறு வேறு மாதிரி. பெயர்களை மட்டும் எழுதியிருந்தேன். "ரசீது" என்று எழுதினால் ரசீது போல ஒன்று கோப்பில் இருந்தால் போதும் என்று தோன்றும். இரண்டாம் முறை ஒவ்வொரு ஆவணத்துக்கும் அது எதைக் காட்ட வேண்டும், எந்த வடிவில், யாரிடம் இருக்கிறது, வர எத்தனை நாள் ஆகும் என்று எழுதினேன். பணம் கொடுத்ததற்கு என்னிடம் இருந்தவை பணப் பரிமாற்றச் செயலியின் திரைப்பிடிப்புகள். அவர் கேட்டது வங்கிக் கணக்கு அறிக்கை, வங்கியின் முத்திரையோடு. அது கைக்கு வர ஆறு நாள் ஆனது. ஒரு தவணையை ரொக்கமாகக் கொடுத்திருந்தேன், ரசீது இல்லை. அதற்கு அவர் 24-ஆம் நிமிடத்தில் ஒரு வழி சொல்லியிருந்தார்: அன்று காலை வங்கியிலிருந்து அதே தொகையை எடுத்தது கணக்கு அறிக்கையில் இருக்கும், அன்று மாலை "கெடச்சிருச்சு சார்" என்று காண்ட்ராக்டர் அனுப்பிய செய்தி அரட்டையில் இருக்கும், இரண்டையும் சேர்த்து வைத்தால் ரசீது இல்லாத குறையை ஓரளவு ஈடுகட்டும். இதை "ரசீது" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைத்திருந்தேன்.

அரட்டைக்குத் திரைப்பிடிப்பு மட்டும் போதாது, முழு உரையாடலையும் தேதி நேரத்தோடு ஏற்றுமதி செய்து, அந்தப் போனையும் மாற்றாமல் வைத்திருக்கச் சொன்னார். நமக்கு வேண்டிய வரியை மட்டும் வெட்டிக் காட்டினோம் என்று எதிர்த்தரப்பு சொல்லிவிடும். போட்டோவுக்கும் ஒரு நுணுக்கம் உண்டு. நான் எடுத்தவற்றை வாட்ஸாப்பில் எனக்கே அனுப்பிச் சேமித்திருந்தேன். அப்படி அனுப்பும்போது படம் சுருங்குவதோடு, எப்போது எடுத்தது என்று கோப்புக்குள் இருக்கும் தகவலும் போய்விடும். நல்ல வேளையாக மூலப் படங்கள் போனில் இருந்தன. அவற்றைக் கம்பி வழியாகக் கணினிக்கு மாற்றினேன். சுருக்கத்தில் "போட்டோ" என்ற இடத்தில் இப்போது இருப்பது இது: "22:10 வ. எல்லா அறையும், ஸ்கேல் வைத்து. காட்ட வேண்டியது: எது முடிந்தது, எது பழுது. மூலக் கோப்பு. என்னிடம் உள்ளது. இன்ஜினியர் அளக்கும் வரை வேலையைத் தொடக் கூடாது (22:10)." கடைசி வாக்கியத்தை மேலே தடைகளின் கீழும் இன்னொரு முறை எழுதியிருக்கிறேன். சுருக்கத்தில் ஒரே விஷயம் இரண்டு முறை வந்தால் குற்றமில்லை.

இரண்டாவது சுருக்கம் இரண்டு பக்கம் வந்தது. அதை வக்கீலுக்கு மின்னஞ்சலில் அனுப்பி, "நான் புரிந்துகொண்டது இது. தவறு இருந்தால் திருத்துங்கள். கேள்விக்குறி போட்ட ஆறு இடத்துக்கும் பதில் வேண்டும்" என்று மட்டும் எழுதினேன். பதிவை அனுப்பவில்லை. 47 நிமிடம் கேட்க அவருக்கு நேரம் இருக்காது, இருந்தாலும் அந்த நேரத்துக்கு நான்தான் பணம் கொடுக்க வேண்டும். இரண்டு பக்கத்தை ஐந்து நிமிடத்தில் படித்துவிடலாம். மறுநாள் பதில் வந்தது. ஆறு கேள்விக்கும் விடை, கூடவே நான் கேட்காத இரண்டு திருத்தம். இன்ஜினியர் அறிக்கைக்கு நான் போட்ட 3 அறிக்கைக்கு மட்டும், அவர் மன்றத்துக்கு வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்தால் ஒரு நாளுக்கு இன்னும் 1. இன்னொன்று, கையெழுத்து இல்லாத ஒப்பந்தம் பற்றி: அரட்டையைப் படித்துவிட்டார், அதை வைத்து வாதாடலாம், ஆனால் "செல்லும்" என்று எழுத வேண்டாம், "காட்ட வாய்ப்பு உண்டு" என்று மாற்றச் சொன்னார். இப்படி எழுத்தில் வாங்கிய பதில் பின்னால் கட்டணம் பற்றிப் பேச்சு வந்தபோதும் கைகொடுத்தது.

டைல்ஸ் கதை எப்படி முடிந்தது என்று சொல்லிவிடுகிறேன். இன்ஜினியர் வந்தார். குளியலறையில் அளக்க எதுவும் இல்லாததால் போட்டோவை வைத்து எழுதினார், அப்படி எழுதியதையும் அறிக்கையில் குறிப்பிட்டார். காண்ட்ராக்டர் பக்கம் அதைப் பிடித்துக்கொண்டது: டைல்ஸ் சரியாகத்தான் ஒட்டியிருந்தோம், அதற்கு முழு மதிப்பும் கழிக்க வேண்டும், கோணலாக இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம்? பேச்சு 50-இல் முடியாமல் 40-இல் முடிந்தது. போலீஸ் பற்றி இரண்டாம் முறை கேட்டதற்கான ஆலோசனைக் கட்டணம் அரைப் பங்கு, இன்ஜினியருக்கு 3. நோட்டீஸ், பத்திரச் செலவும் போகக் கையில் நின்றது 33.5. பணம் இரண்டு தவணையாக வந்தது, இரண்டாவது சொன்ன தேதிக்கு நான்கு நாள் தாமதமாக. உடன்பாட்டுப் பத்திரம் பற்றிப் பேசிய 20 நிமிட அழைப்பையும் வக்கீலைக் கேட்டுப் பதிவு செய்திருந்தேன். அதைச் சுருக்கும்போது முதலில் தேடி எழுதிய வரி: "08:30 வ. இரண்டாவது தவணை கணக்கில் ஏறும் வரை மூலப் பத்திரங்களைத் திருப்பிக் கொடுக்க வேணாம்." அந்த நான்கு நாளும் அவை என்னிடமே இருந்தன.